வீட்டுச் சமையல் வியாபாரமாகும்போது: கொழும்பில் எந்தப் பத்திரம் எங்கே, கொப்பியில் என்ன எழுத வேண்டும்

சித்திரைப் புத்தாண்டும் டிசம்பரும் நெருங்கும்போது கொழும்பில் உணவுக் கடைகளில் சோதனை கூடிவிடும். அந்தச் செய்திகள் வரும் நாட்களில், வீட்டில் சமைத்து விற்பவர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நான் கடை வைத்திருக்கவில்லையே, குசினியில் சமைத்து முப்பது நாற்பது பார்சல் கொடுக்கிறேன், எனக்கும் லைசன்ஸ் வேண்டுமா?"

வேண்டும். ஆனால் "லைசன்ஸ்" என்று ஒரே சொல்லில் சொல்லுவது உண்மையில் மூன்று வெவ்வேறு பத்திரங்கள். மூன்றும் கையில் இருந்தாலும் தினமும் எழுதி வைக்கும் பதிவு இல்லாவிட்டால், ஒரு வாடிக்கையாளருக்கு வயிற்றைக் குழப்பிய அன்று உங்களிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. அதனால் முதலில் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, பிறகு பதிவுக் கொப்பிக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்கலாம்.

## சட்டம் வீட்டை எப்படிப் பார்க்கிறது

இலங்கையில் இதற்கு அடிப்படை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். விற்பனைக்காக உணவு தயாரிப்பதும் சேமிப்பதும் விநியோகிப்பதும் அதற்குள் வருகின்றன. சுகாதாரமற்ற நிலையில் அதைச் செய்வது குற்றம். கடைப்பலகை தொங்கினால்தான் பொருந்தும் என்று எங்கும் இல்லை. இதன் கீழ் வந்த உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள் இடம், தண்ணீர், ஆட்கள், பாத்திரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. 2019இல் வந்த வளாகப் பதிவு ஒழுங்குவிதிகள், உணவு தயாரிக்கும் இடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன.

அக்கம்பக்கத்தில் ஒரு பிறந்தநாளுக்கு ரோல்ஸ் சுற்றிக் கொடுப்பதை யாரும் தேடி வரப்போவதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, நிலையான விலையில், காசு வாங்கிக் கொடுக்கத் தொடங்கினால் நீங்கள் உணவு வியாபாரி. கேட்க மட்டும் இது பெரிதாகத் தெரியும்.

## மூன்று பத்திரங்கள்

1. வியாபாரப் பெயர்ப் பதிவு. உங்கள் சொந்தப் பெயரில் இல்லாமல் வேறொரு பெயரில் நடத்தினால் தேவை. பிரதேச செயலகத்தில் எடுக்க வேண்டும். மாநகரப் பகுதிக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன. எது உங்களுடையது என்று கிராம உத்தியோகத்தர் சொல்லுவார், அவருடைய சான்றும் எப்படியும் தேவைப்படும். இந்தப் பத்திரத்துக்கும் உணவின் சுத்தத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வங்கிக் கணக்குத் திறக்கவும் டெலிவரி நிறுவனத்தில் சேரவும் முதலில் கேட்கப்படுவது இதுதான் என்பதால், பலர் இதை எடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

2. உணவு வளாகப் பதிவு. இது ஆளுக்கோ பெயருக்கோ கொடுக்கப்படுவதில்லை, அந்த முகவரியில் உள்ள அந்தக் குசினிக்குத்தான். உங்கள் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், அதாவது எம்.ஓ.எச். அலுவலகம் மூலம் போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் எல்லோரும் சொல்லும் பி.எச்.ஐ., நேரில் வந்து எச்-800 என்ற படிவத்தை வைத்துக்கொண்டு இடத்துக்குப் புள்ளி போடுவார். அதை வைத்துத்தான் ஏ, பி, சி என்று தரம் வரும்.

3. வியாபார அனுமதிப்பத்திரம். மாநகர சபை கொடுப்பது. கட்டணம் கட்டிடத்தின் ஆண்டுப் பெறுமதியோடு சம்பந்தப்பட்டது, அதனால் சோலைவரி ரசீதைக் கையோடு கொண்டு போவது நல்லது. இது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது, டிசம்பர் 31உடன் முடியும்.

வெள்ளவத்தையில் இருப்பவர் கொழும்பு மாநகர சபையின் கீழ் வருகிறார். கொஞ்சம் தள்ளி தெஹிவளையில் இருப்பவர் தெஹிவளை – கல்கிசை மாநகர சபையின் கீழ். காலி வீதியில் பஸ்ஸில் பத்து நிமிடம்தான், ஆனால் அலுவலகம், பி.எச்.ஐ., கட்டணம் எல்லாமே வேறு. விண்ணப்பம் எடுக்கப் போகுமுன் சோலைவரி எந்தச் சபைக்குக் கட்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

## எந்த வரிசையில் போவது

பலர் முதலில் டைல்ஸ் ஒட்டி, ஸ்டீல் மேசை வாங்கி, எல்லாம் செலவழித்த பிறகு விண்ணப்பிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்வது புத்திசாலித்தனம்.

1. எம்.ஓ.எச். அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீதிக்குரிய பி.எச்.ஐ. யார் என்று கேட்டு, "இப்படி வீட்டில் சமைத்து விற்க நினைக்கிறேன், வந்து பார்த்து என்ன குறை என்று சொல்லுவீர்களா, சேர்?" என்று கேளுங்கள். தண்டம் போட வருவார் என்ற பயத்தில்தான் இதை யாரும் செய்வதில்லை. தானாக வந்து கேட்பவரை ஒரு பி.எச்.ஐ. பார்க்கும் விதமும், முறைப்பாடு வந்த பிறகு தேடிப் போய்ப் பிடித்தவரைப் பார்க்கும் விதமும் வேறு.

2. வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் எடுங்கள். தொடர்மாடியென்றால் முகாமைத்துவத்திடமும் கேட்க வேண்டும், ஏனென்றால் சில கட்டிடங்களின் விதிகளில் குடியிருப்பு மட்டும் என்று இருக்கும். பி.எச்.ஐ. சரி சொன்ன பிறகு மேல்வீட்டுக்காரர் மணத்துக்கு முறைப்பாடு போட்டு எல்லாம் நின்றுபோவது நடக்கிற கதைதான்.

3. பி.எச்.ஐ. சொன்ன குறைகளைத் திருத்துங்கள். வீட்டுக் குசினிகளில் வழக்கமாக மாட்டுவது ஏறக்குறைய இவைதான்: கை கழுவத் தனி இடமும் சவர்க்காரமும் இல்லை, பச்சை இறைச்சி வெட்டும் பலகையும் மரக்கறிப் பலகையும் ஒன்று, மலசலகூடக் கதவு நேரே குசினிக்குள் திறக்கிறது, ஜன்னலுக்கு வலை இல்லை, குப்பைவாளிக்கு மூடி இல்லை, வீட்டு பிரிட்ஜில் விற்பனைச் சாமானும் பிள்ளைகளின் யோகட்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவரென்றால் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும்.

4. சமையலில் கை வைக்கும் எல்லோருக்கும் மருத்துவச் சான்றிதழ் எடுங்கள். டைபாய்டு தடுப்பூசி பற்றியும் கேட்பார்கள், அதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். காலையில் தேங்காய் துருவ மட்டும் வரும் அக்காவும் இதில் அடக்கம்.

5. இதற்குப் பிறகு வளாகப் பதிவுக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் விண்ணப்பியுங்கள். அதற்குள் இரண்டு வாரப் பதிவுக் கொப்பி கையில் இருந்தால் பரிசோதனை வேறு மாதிரிப் போகும்.

## ஏன் பதிவு? வெப்பமும் நேரமும்

பி.எச்.ஐ. வந்து பார்ப்பது ஒரு நாள், அதிலும் ஒரு மணி நேரம். மற்ற நாட்களில் அந்தக் குசினியில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே சாட்சி நீங்கள் எழுதுவதுதான். பாத்திரம் கழுவினோம், தரை துடைத்தோம் என்பதையும் எழுதலாம், எழுதுங்கள். ஆனால் மதியச் சாப்பாட்டுப் பார்சலில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அழுக்குத் தரையாக இருக்காது, சமைத்த உணவு சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் கிடந்த நேரம்தான்.

அதன் காரணம் இது. 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையில் பாக்டீரியா பெருகும். அதிலும் கொழும்பின் அறைவெப்பம் இருக்கிறதே, 30 பாகையும் அதற்கு மேலும், அது அவற்றுக்கு மிகப் பிடித்த இடத்துக்கு அருகில். அரிசியில் இயற்கையாகவே பசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் வித்து சாகாது. சோறு ஆறும்போது முளைத்து, பெருகி, ஒரு நச்சை விடும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பெரிய பாத்திரத்து இறைச்சிக் கறியில் குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் என்ற இன்னொன்று இதேபோல் வித்தாகத் தப்பி, கறி ஆறும்போது பெருகும். ஆளின் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டபிலோகொக்கஸ், கையால் பிசையும் சம்பலில் ஏறும், அதன் நச்சும் சூட்டுக்கு அசையாது.

"மணந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது" என்பது இதனால்தான் உதவாது. தேங்காய்ப்பால் விட்ட பருப்பு புளித்தால் மூக்கு சொல்லிவிடும், மேலே சொன்ன நச்சுகளை மூக்கு கண்டுபிடிக்காது. மணிக்கூடும் வெப்பமானியும்தான் சொல்லும்.

## ஒரு நாளை எடுத்துக் கணக்குப் பார்ப்போம்

வெள்ளவத்தையில் ஒரு வீடு, கோட்டையில் இரண்டு அலுவலகங்களுக்கு 40 பார்சல் என்று வைத்துக்கொள்வோம். சோறு, கோழிக்கறி, பருப்பு, ஒரு மரக்கறி, தேங்காய்ச் சம்பல்.

பழைய நேர அட்டவணை இப்படி. ஆறு மணிக்குச் சோறு இறங்கும், ஆறரைக்குக் கோழிக்கறி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஏழரைக்குக் கட்டத் தொடங்கி எட்டரைக்கு நாற்பதும் முடியும். ஒன்பதரைக்கு ஆட்டோ, பத்தரைக்குக் கோட்டை. அலுவலகத்தில் சாப்பிடுவது ஒரு மணி, கூட்டம் இருந்தால் இரண்டு. கட்டியவுடன் பார்சலின் சூடு 60க்குக் கீழே இறங்கிவிடும். முதல் பார்சல் கட்டிய ஏழரையிலிருந்து எண்ணினால் ஒரு மணிக்குச் சாப்பிடுபவருக்கு ஐந்தரை மணித்தியாலம், இரண்டு மணிக்குச் சாப்பிடுபவருக்கு ஆறரை. உணவுத் துறையில் வழக்கமாகப் பாவிக்கும் கணக்கு நான்கு மணித்தியாலம்தான். அதற்கு மேல் அந்த வெப்பத்தில் கிடந்தது குப்பைக்கு.

இங்கே குசினி கண்ணாடி மாதிரிப் பளபளத்தாலும் பயனில்லை. மாற்ற வேண்டியது நேரம்:

1. காலையில் சமைப்பது அப்படியே இருக்கட்டும். கறிகளை மூடி, மெல்லிய நெருப்பில் அல்லது சூடான நீர் உள்ள தாச்சிக்குள் வைத்து 60 பாகைக்கு மேலே நிறுத்துங்கள். முடியாவிட்டால் சமையலையே எட்டரைக்குத் தள்ளுங்கள்.

2. பத்து மணிக்கு இரண்டு பேர் சேர்ந்து கட்டி, பத்தரைக்குள் முடியுங்கள். முதல் பார்சல் கட்டும் நேரத்தை எழுதுங்கள், கடைசி அல்ல. முதலாவதுதான் அதிக நேரம் கிடக்கப்போவது.

3. பதினொன்றேகாலுக்குள் கோட்டை. பத்து மணியிலிருந்து நான்கு மணித்தியாலம் என்றால் பகல் 2 மணி. பார்சலில் ஒரு ஸ்டிக்கர்: "பகல் 2 மணிக்கு முன் சாப்பிடவும்." ஒரே வரிதான், ஆனால் மூன்றரைக்குச் சாப்பிட்டவர் முறைப்பாடு செய்தால் அந்த ஸ்டிக்கரின் பெறுமதி தெரியும்.

4. தேங்காய்ச் சம்பலைச் சூடான சோற்றுக்கு மேல் வைக்காதீர்கள். பச்சைத் தேங்காயும் பச்சை வெங்காயமும் மாசியும் கையால் பிசைந்தது, சோற்றுச் சூட்டில் அது 40 பாகை அளவில் மூன்று மணித்தியாலம் இருக்கும். தனியாகச் சுற்றி வையுங்கள், அல்லது அதை வறுத்த சம்பலாக மாற்றுங்கள்.

கட்டுவது எதில் என்பதிலும் கவனம். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, ஏன் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு வரைக்கும் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. புறக்கோட்டையில் இன்னும் கிடைக்கிறது என்பது வாதமாகாது.

## மிஞ்சிய கறிப் பானை

இன்னொரு வழக்கமான சிக்கல்: முதல்நாள் இரவே இறைச்சிக் கறி வைத்துவிட்டு, பானையோடு ஆறவிட்டு, படுக்கப் போகும்போது பிரிட்ஜில் தள்ளுவது. பத்து லீட்டர் பானையின் நடுப்பகுதி விடியும்வரைக்கும் வெதுவெதுப்பாக இருக்கக்கூடும். வெளியே தொட்டால் குளிர்ந்திருக்கும், நடுவே வெப்பமானி வைத்தால் 30 காட்டும்.

பொதுவான அளவு இது: 60இலிருந்து 21 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள், அங்கிருந்து 5 பாகைக்கு இன்னும் நான்கு மணித்தியாலத்துக்குள். இதற்கு வழி கறியை ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமில்லாமல் தட்டையான ட்ரேக்களில் பிரிப்பது. கெட்டியான கறியில் ஆழம் பாதியானால் ஆறும் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகும், அதனால் ட்ரேக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. ட்ரேயை ஐஸ் தண்ணீரில் வைத்தால் இன்னும் வேகம். என்னைக் கேட்டால், வீட்டு பிரிட்ஜை நம்பி நாற்பது பேருக்கு முதல்நாள் கறி வைக்கவே வேண்டாம். சூடான ட்ரே நாலு உள்ளே போனால் பக்கத்தில் இருக்கும் பாலும் மீனும் சேர்ந்து சூடாகிவிடும்.

## கொப்பியில் என்ன எழுதுவது

ஏ4 கொப்பி ஒன்று போதும். கணினியில் அழகாக அச்சடித்த படிவம் வேண்டியதில்லை. நான்கு பகுதி:

1. நாள் பக்கம். ஒவ்வொரு கறிக்கும் ஒரு வரி: இறக்கிய நேரம், நடுவில் வெப்பம் (கோழிக்கு 75 பாகை வர வேண்டும்), கட்டத் தொடங்கிய நேரம், அப்போதைய வெப்பம், ஆட்டோ கிளம்பிய நேரம். பிரிட்ஜின் வெப்பம் காலையும் மாலையும். கடைசியில் "என்ன செய்தோம்" என்று ஒரு கட்டம். முக்கியமான கட்டம் இதுதான்.

2. வாங்கிய சாமான். கோழியும் மீனும் எந்தக் கடை, எந்த நாள். பற்றுச்சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். சந்தையில் சீட்டு கிடைக்காவிட்டால் கடையின் இடத்தை எழுதுங்கள்.

3. ஆட்கள். யார் சமைத்தார், யார் கட்டினார், வயிற்றோட்டம், வாந்தி, கையில் புண் உண்டா. வயிற்றோட்டம் நின்று 48 மணித்தியாலம் போகும்வரை அவர் உணவில் கை வைக்கக் கூடாது. வீட்டுக் குசினியில் மிகவும் கஷ்டமான விதி இதுதான், ஏனென்றால் அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். அன்று ஓடர் எடுக்காமல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

4. சுத்தமும் பூச்சியும். மேசை, பலகை, வடிகான் எப்போது கழுவியது, கரப்பான், எலி எச்சம் கண்டதா. 5 சதவீதக் குளோரின் கரைசலில் ஒரு தேக்கரண்டியை, அதாவது 5 மில்லிலீட்டரை, இரண்டரை லீட்டர் தண்ணீரில் கலந்தால் கழுவிய பலகையைத் துடைக்க அளவான வலிமை வரும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

வெப்பமானி சரியா என்பதைச் சோதிப்பது சுலபம். ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் 100. கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் இந்த 100 நமக்குச் சரி. நுவரெலியாவில் சோதித்தால் குறைவாகவே காட்டும். மாதம் ஒரு முறை பார்த்து அதையும் எழுதுங்கள்.

பொய்ப் பதிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? முப்பது நாளும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் 75, 75, 75. உண்மைக் குசினியில் ஒரு நாள் 81, ஒரு நாள் 72. அந்த 72க்குப் பக்கத்தில் "இன்னும் பத்து நிமிடம் வேகவிட்டோம், 78" என்று இருந்தால், அதை எழுதியவர் வெப்பமானியைப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். குறையே இல்லாத பதிவைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை.

## முறைப்பாடு வந்தால்

ஒருவர் பின்னேரம் அழைத்து "உங்கள் சாப்பாடு சாப்பிட்டு வாந்தி" என்கிறார் என்று வைப்போம். மன்னிப்பும் மறுப்பும் இருக்கட்டும், முதலில் நான்கு விடயம் கேட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தொடங்கியது, வாந்தியா வயிற்றோட்டமா, கூட யாருக்காவது இருக்கிறதா.

சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி என்றால் சோறு அல்லது கையால் பிசைந்த பொருள் பக்கம் பார்க்க வேண்டும். எட்டிலிருந்து பதினாறு மணித்தியாலத்தில் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் என்றால் இறைச்சிக் கறி, அது ஆறிய விதம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் வயிற்றோட்டம் என்றால் பெரும்பாலும் அதற்கு முன் சாப்பிட்டது எதுவோ. இது வைத்தியர் சொல்லும் முடிவாகாது, எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்பதற்கு மட்டும். அப்புறம் அன்றைய பக்கத்தில் அந்தக் கறியின் நேரமும் வெப்பமும் இருக்கிறது. நாற்பது பேரில் ஒருவருக்கா, ஒரே அலுவலகத்தில் ஆறு பேருக்கா என்பதும் தெரிந்துவிடும். ஆறு பேரென்றால் காத்திருக்காமல் பி.எச்.ஐ.க்கு நீங்களே சொல்லுங்கள்.

இதற்காகத்தான் தினமும் ஒரு பார்சலை நாள் எழுதி பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கச் சொல்வது. நாற்பதுக்குச் சமைப்பவருக்கு நாற்பத்தோராவது பார்சலின் செலவு பெரிதில்லை. மாநகர சபைக்குச் சொந்தமாக ஆய்வுகூடம் இருக்கிறது, பரிசோதிக்க ஏதாவது இருந்தால்தானே பரிசோதிப்பார்கள்.

குறை கண்டால் வழக்கமாக முதலில் திருத்தச் சொல்லிக் காலம் கொடுப்பார்கள். திருத்தாவிட்டால், அல்லது விடயம் மோசமென்றால், வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

## பதிவுக்குப் பிறகு மாறுபவை

வளாகப் பதிவு அந்த முகவரிக்கு என்பதால் வீடு மாறினால் எல்லாம் முதலிலிருந்து. அதே வீட்டில் இருந்தும் வேலை மாறினால் சொல்ல வேண்டும்: நாற்பது நூறானால், சோற்றுப் பார்சலோடு கேக்கும் தொடங்கினால், ஊறுகாயையோ மிளகாய்த்தூளையோ போத்தலில் அடைத்துக் கடைக்குக் கொடுத்தால். கடைசியாகச் சொன்னதற்கு லேபல் ஒழுங்குவிதிகள் தனியாக வரும்; நிறை, தயாரித்த நாள், காலாவதி, முகவரி, தொகுதி இலக்கம் எல்லாம் அச்சிட வேண்டும். அதை லேபல் அச்சடிக்குமுன் பி.எச்.ஐ.யிடம் காட்டுங்கள், ஆயிரம் ஸ்டிக்கர் அடித்த பிறகு அல்ல. அனுமதிப்பத்திரத்தை டிசம்பர் கூட்டத்தில் ஓடிப் புதுப்பிக்காமல் நவம்பரிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பண்டிகை ஓடரும் சோதனையும் ஒரே மாதத்தில்தான் வரும்.